எல்லை இல்லை என்று ε-δ வைத்து நிரூபிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி முதலாண்டுக் கணிதத்தில் "எல்லை இதுதான்" என்று நிரூபிக்கக் கற்றுக்கொண்டவர்கள்கூட "எல்லையே இல்லை" என்று நிரூபிக்கச் சொன்னால் தடுமாறுவதை வருடா வருடம் பார்க்கிறேன். அவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே சார்பைத்தான் பிடித்துக்கொண்டு போகப் போகிறேன்: x → 0 ஆகும்போது sin(1/x). இதை ஒருமுறை முழுதாகச் செய்துவிட்டால் மற்றவற்றில் வழி தானாகத் தெரியும்.

வரைபடத்தைப் பார்த்தாலே sin(1/x)-க்கு எல்லை இல்லை என்று தெரிகிறதே, அப்புறம் நிரூபணம் எதற்கு?

0-க்குப் பக்கத்தில் வரைபடம் ஒன்றையும் காட்டுவதில்லை, அங்கே வெறும் மைப்பூச்சுதான் இருக்கிறது. x 0.01-லிருந்து 0.001-க்கு வருவதற்குள் 1/x 100-லிருந்து 1000-க்குப் போகிறது. அதாவது 900 ரேடியன். ஒரு முழு அலைக்கு 2π என்றால் சுமார் 143 அலைகள். அடுத்து 0.0001 வரை போனால் இன்னும் 1400-க்கு மேல். எந்தத் திரையாலும் அதைப் பிரித்துக் காட்ட முடியாது. x·sin(1/x) வரைபடமும் 0-க்கு அருகில் இதே மாதிரி முடிவில்லாமல் ஆடுகிறது, ஆனால் அதற்கு எல்லை உண்டு. ஆக, "ஆடுகிறது" என்பது மட்டும் காரணம் ஆகாது.

அட்டவணை போட்டுப் பார்ப்பது இன்னும் மோசம். sin(π/x) என்ற சார்பில் x = 0.1, 0.01, 0.001 என்று போட்டுப் பாருங்கள். எல்லாமே 0 வரும். எல்லை 0 என்று எழுதிவிடத் தோன்றும். உண்மையில் அதற்கும் எல்லை கிடையாது. நாம் எடுத்த எண்கள் எல்லாம் அலை அச்சை வெட்டும் இடங்களில் போய் விழுந்துவிட்டன, அவ்வளவுதான்.

வரையறையை மறுத்து எழுதச் சொன்னால் கை நின்றுவிடுகிறது. எங்கே தொடங்குவது?

முதலில் வரையறையைக் குறியீடு இல்லாமல் பேச்சாக எழுதுங்கள். x → a ஆகும்போது f(x)-இன் எல்லை L என்றால்:

எந்த ε > 0 கொடுத்தாலும், அதற்கேற்ற ஒரு δ > 0 கிடைக்கும்; ஒவ்வொரு x-க்கும், 0 < |x − a| < δ எனில் |f(x) − L| < ε ஆகும்.

இதை இடமிருந்து வலமாக ஒவ்வொரு துண்டாக மறுக்க வேண்டும். "எந்த ε கொடுத்தாலும் நடக்கும்" என்பது பொய் என்றால், நடக்காத ஒரு ε இருக்கிறது. அந்த ε-க்கு "ஒரு δ கிடைக்கும்" என்பது பொய் என்றால், எந்த δ எடுத்தாலும் அது உதவாது. ஒரு δ உதவவில்லை என்றால், 0 < |x − a| < δ என்ற அதன் வளையத்துக்குள் "ஒவ்வொரு x-க்கும்" என்ற பேச்சைக் கெடுக்கும் ஒரு x-ஆவது இருக்கிறது. சேர்த்து எழுதினால்:

ஒரு ε > 0 இருக்கிறது. எந்த δ > 0 எடுத்தாலும், 0 < |x − a| < δ ஆகவும் |f(x) − L| ≥ ε ஆகவும் உள்ள ஒரு x இருக்கிறது.

இதில் தமிழ் நம் காலை வாரிவிடும் இடம் ஒன்று உண்டு. "எல்லாரும் வரவில்லை" என்று சொன்னால் என்ன பொருள்? ஒருவர்கூட வரவில்லை என்றும் கொள்ளலாம், சிலர் வந்தார்கள் சிலர் வரவில்லை என்றும் கொள்ளலாம். பேச்சில் சூழ்நிலை பார்த்துப் புரிந்துகொள்கிறோம். கணிதத்தில் "எல்லாரும் வந்தார்கள்" என்பதன் மறுப்பு "ஒருவராவது வரவில்லை" என்பது மட்டுமே. "எல்லா x-க்கும் |f(x) − L| < ε இல்லை" என்று மாணவர் எழுதும்போது மனதுக்குள் முதல் பொருள் ஓடுகிறது. அடுத்த வரியில் எல்லா x-க்கும் |f(x) − L| ≥ ε என்று நிரூபிக்கக் கிளம்பிவிடுகிறார். அது நடக்காது. sin(1/x) எவ்வளவு சின்ன இடைவெளியிலும் 0-வைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதனால் "எல்லா ... இல்லை" என்று எழுதுவதையே விட்டுவிடுங்கள். "ஒன்றாவது ... இருக்கிறது" என்று எழுதிப் பழகுங்கள்.

வரையறையில் "எனில்" என்று வருகிறது. மறுப்பில் அது எப்படி "மற்றும்" ஆயிற்று?

"மழை பெய்தால் பஸ் தாமதமாக வரும்" என்று ஒருவர் சொல்கிறார். அவர் சொன்னது பொய் என்று காட்ட என்ன வேண்டும்? மழை பெய்த, ஆனாலும் பஸ் நேரத்துக்கு வந்த ஒரு நாள். மழையே பெய்யாத நாள் எதையும் காட்டாது. அதேபோல x வளையத்துக்குள் இருக்கவும் வேண்டும், f(x) L-ஐ விட்டு ε தூரமாவது தள்ளி இருக்கவும் வேண்டும். இரண்டும் ஒரே x-க்கு.

கூடவே கவனிக்க வேண்டியது, < என்பதன் மறுப்பு ≥. வெறும் > இல்லை. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், கீழே முழு நிரூபணத்தில் அந்தச் சமக்குறிதான் நம்மைக் காப்பாற்றப் போகிறது.

எல்லை 0 இல்லை என்று காட்டிவிட்டேன். அதோடு முடிந்ததா?

இல்லை. நீங்கள் தள்ளியது ஒரு வேட்பாளரை மட்டும். "எல்லை இருக்கிறது" என்றால் ஏதோ ஒரு மெய்யெண் L எல்லையாக இருக்கிறது என்று பொருள். அதன் மறுப்பு, எந்த மெய்யெண்ணும் எல்லை இல்லை. ஆக மேலே எழுதிய மறுப்புக்கு முன்னால் இன்னொரு துண்டு சேர வேண்டும்:

எந்த மெய்யெண் L எடுத்தாலும், ஒரு ε > 0 இருக்கிறது. எந்த δ > 0 எடுத்தாலும், 0 < |x − a| < δ ஆகவும் |f(x) − L| ≥ ε ஆகவும் உள்ள ஒரு x இருக்கிறது.

இதை, எல்லை இருக்கிறது என்று வாதிடும் ஓர் எதிராளியோடு ஆடும் ஆட்டமாக நினைத்து, யார் எதைத் தருகிறார்கள் என்று பாருங்கள். L எதிராளி தருவது. ε நீங்கள் தருவது. δ மறுபடியும் எதிராளி தருவது. கடைசியில் x உங்கள் கையில். ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் வைக்கப்பட்டதைப் பார்த்துவிட்டுத்தான் தன்னுடையதை வைக்கிறார். எனவே உங்கள் ε L-ஐப் பொறுத்து இருக்கலாம், δ-வைப் பொறுத்து இருக்கக் கூடாது. அது இன்னும் வரவே இல்லை. உங்கள் x L, δ இரண்டையும் பொறுத்து இருக்கலாம். இந்த வரிசையை விடைத்தாளின் ஓரத்தில் "L, ε, δ, x" என்று எழுதி வைத்துக்கொண்டு ஆரம்பிப்பவர்கள் அநேகமாகத் தவறுவதில்லை.

சரி, sin(1/x)-க்கு முழு நிரூபணம் எப்படி இருக்கும்?

முதலில் தாளில் எழுதாத யோசனை. sin-இன் மதிப்பு 1-ஐயும் −1-ஐயும் மாறி மாறித் தொடுகிறது. L எங்கே இருந்தாலும் அது 1, −1 இரண்டுக்கும் ஒரே நேரத்தில் நெருக்கமாக இருக்க முடியாது, ஏனென்றால் அவற்றுக்கு இடையே தூரம் 2. எனவே 0-க்கு எவ்வளவு பக்கத்திலும் மதிப்பு 1 ஆகும் ஒரு புள்ளியும், −1 ஆகும் ஒரு புள்ளியும் பிடித்துவிட்டால் போதும்.

1/x = 2πn + π/2 என்றால் sin-இன் மதிப்பு 1 ஆகும். 1/x = 2πn + 3π/2 என்றால் −1 ஆகும். இரண்டும் 2πn-ஐ விடப் பெரியவை, எனவே இரண்டு x-களும் 1/(2πn)-ஐ விடச் சிறியவை. அது δ-வைத் தாண்டாதபடி n-ஐப் பெரிதாக எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

தாளில் எழுதுவது இப்படி:

L ஏதேனும் ஒரு மெய்யெண் என்க. ε = 1 எனத் தேர்கிறோம். δ > 0 ஏதேனும் ஒன்று தரப்பட்டிருக்கிறது என்க. n > 1/(2πδ) ஆகுமாறு ஓர் இயல் எண் n-ஐ எடுத்துக்கொள்வோம்.

```
p = 1/(2πn + π/2)
q = 1/(2πn + 3π/2)
```

இப்போது 0 < q < p < 1/(2πn) < δ. எனவே p, q இரண்டும் 0 < |x| < δ என்ற வளையத்துக்குள் இருக்கின்றன. மேலும் f(p) = 1, f(q) = −1. முக்கோணச் சமனிலிப்படி

2 = |f(p) − f(q)| ≤ |f(p) − L| + |L − f(q)|.

வலப்பக்கம் உள்ள இரண்டுமே 1-ஐ விடச் சிறியவை என்றால் கூட்டுத்தொகை 2-ஐ எட்டாது. எனவே |f(p) − L| ≥ 1 அல்லது |f(q) − L| ≥ 1. எது உண்மையோ அந்தப் புள்ளியை x என்று எடுத்துக்கொள்கிறோம். அப்போது 0 < |x| < δ, |f(x) − L| ≥ ε. L, δ இரண்டும் நம் விருப்பப்படி எடுத்தவை அல்ல என்பதால் எந்த L-உம் எல்லை இல்லை.

இவ்வளவுதான். L நேரா எதிரா, 1-ஐ விடப் பெரிதா சிறிதா என்று பிரித்துப் பிரித்து எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அதுவும் சரிதான், ஆனால் முக்கோணச் சமனிலி எல்லாவற்றையும் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அந்த வரி எனக்கு மிகவும் பிடித்த வரி.

ε = 1 என்று எப்படித் தோன்றியது? வேறு எண் எடுத்தால் தப்பா?

சார்பு மறுபடி மறுபடி தொடும் இரண்டு மதிப்புகளின் இடைவெளியைப் பாருங்கள், அதில் பாதியை எடுங்கள். இங்கே இடைவெளி 2, பாதி 1. அதைவிடச் சின்ன எதுவும் சரிதான். 1/2 எடுத்தாலும் நிரூபணம் அப்படியே ஓடும். பெரிதாக எடுத்தால் ஓடாது. ε = 1.5 என்று வைத்துவிட்டு எதிராளி L = 0 என்று சொன்னதாக நினைத்துக்கொள்ளுங்கள். sin எப்போதும் −1-க்கும் 1-க்கும் நடுவில்தான், எனவே 0-லிருந்து 1.5 தள்ளி ஒரு புள்ளிகூட இல்லை. ε = 1 என்ற விளிம்பில்கூட L = 0-க்குத் தூரம் சரியாக 1-தான். ≥ என்பதற்குப் பதிலாக > என்று மறுப்பை எழுதியிருந்தால் இங்கே மாட்டியிருப்போம்.

இங்கே ஒரே ε எல்லா L-க்கும் பொருந்தியது தற்செயல் இல்லை. எல்லை இல்லாத எந்தச் சார்புக்கும் அப்படி ஒரு பொதுவான ε கிடைக்கும். கோஷியின் நிபந்தனை சொல்வது இதுதான்: எல்லை இல்லை என்றால், எந்த δ எடுத்தாலும் வளையத்துக்குள் |f(p) − f(q)| ≥ c ஆகும் இரண்டு புள்ளிகள் இருக்கும்படி ஒரு நிலையான c > 0 உண்டு. அதில் பாதியான c/2 எல்லா L-க்கும் ε ஆகிவிடும். ஆனாலும் வரையறை கேட்பது L-க்கு L மாறக்கூடிய ε-தான். பொதுவானது உடனே கண்ணில் படாவிட்டால் மாறுவதை எடுத்தாலும் நிரூபணம் செல்லும்.

δ = 0.01 வைத்து கால்குலேட்டரில் சரிபார்த்தேன். 1-உம் −1-உம் வரவில்லையே?

இரண்டு காரணங்கள் இருக்கலாம். சேர்ந்தே போட்டுப் பார்ப்போம். 1/(2π × 0.01) என்பது 15.9 சொச்சம், எனவே n = 16. 2πn = 100.531. p = 1/102.102 = 0.009794, q = 1/105.243 = 0.009502. இரண்டும் 0.01-க்குள் இருக்கின்றன, சரி.

கால்குலேட்டர் டிகிரியில் இருந்தால் sin 102.102° = 0.978, sin 105.243° = 0.965 என்று வரும். இரண்டும் நேர், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். எல்லை இருக்கிறதோ என்றே சந்தேகம் வந்துவிடும். ரேடியனுக்கு மாற்றுங்கள்.

இன்னொரு காரணம், x-ஐச் சுருக்கி எழுதுவது. 0.009794-ஐ 0.0098 என்று போட்டால் 0.998 வரும், பாதகமில்லை. ஆனால் δ = 0.0001 என்றால் n = 1592, p = 0.000099956. அதை 0.0001 என்று சுருக்கிப் போட்டுவிட்டால் sin 10000 = −0.306. 1 வரவேண்டிய இடத்தில் அடையாளமே தெரியாத எண். x-இல் வரும் மிகச் சின்ன மாற்றம் 1/x-இல் பல ரேடியன்களாக விரிந்துவிடுகிறது. அதனால்தான் நிரூபணத்தில் p-ஐத் தசமத்தில் எழுதாமல் 1/(2πn + π/2) என்றே விட்டுவைக்கிறோம்.

நான் "δ = 1/(2πn) என்க" என்று எழுதினேன், மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். விடை சரிதானே?

குறைத்தது நியாயம்தான். δ எதிராளி வைக்கும் எண். நீங்களே ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் அதை வைத்தால், அந்த வடிவத்தில் உள்ள δ-க்களுக்கு மட்டும் நிரூபித்தவர் ஆகிறீர்கள். இதைச் சரிசெய்வது எளிது: "தரப்பட்ட δ-க்கு 1/(2πn) < δ ஆகும்படி n-ஐ எடுக்கிறோம்" என்று திருப்பினால் போதும். கணக்கு மாறவில்லை, யார் முந்தி யார் பிந்தி என்பதுதான் மாறுகிறது. நிரூபணமே அந்த வரிசைதான்.

இதன் மறுபக்கத் தவறையும் விடைத்தாள்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். "x = 2/π எனில் sin(1/x) = 1" என்று ஒரே ஒரு புள்ளியைக் காட்டி முடித்துவிடுவார்கள். 2/π என்பது 0.637. எதிராளி δ = 0.5 என்றதும் அந்தப் புள்ளி வளையத்துக்கு வெளியே போய்விடுகிறது. x δ-வோடு கூடவே நகர வேண்டும். உங்கள் விடையில் x-க்கான கோவையில் δ-வோ, δ-வைப் பார்த்து எடுத்த n-ஓ எங்குமே இல்லை என்றால் ஏதோ தப்பு என்று உடனே கண்டுபிடித்துவிடலாம்.

இடப்பக்க எல்லையும் வலப்பக்க எல்லையும் வேறு என்று காட்டிவிட்டால் போதாதா? பள்ளியில் அப்படித்தானே செய்தோம்?

|x|/x மாதிரி சார்புக்குப் போதும். அதற்கு ε-δ-வில் எழுதுவதும் மிக எளிது: ε = 1, p = δ/2, q = −δ/2; மதிப்புகள் 1, −1; மீதி அதே முக்கோணச் சமனிலி. ஆனால் sin(1/x)-க்கு அந்த வழி திறக்காது. வலப்பக்க எல்லை என்ற ஒன்றே அங்கே இல்லை, எதை எதோடு ஒப்பிடுவீர்கள்? மேலே எடுத்த p, q இரண்டுமே 0-க்கு வலப்பக்கம் இருப்பதைக் கவனியுங்கள். வலப்பக்க எல்லைகூட இல்லை என்பதும் அதே நிரூபணத்தில் கிடைத்துவிட்டது.

1/x² முடிவிலிக்குப் போகிறது. அங்கே 1, −1 மாதிரி இரண்டு மதிப்பு இல்லையே, என்ன செய்வது?

இரண்டு புள்ளி தேவையில்லை, ஒன்றே போதும், ஆனால் அது L-ஐயும் பார்த்து வர வேண்டும். ε = 1 வைத்துக்கொண்டு, x-ஆக δ/2, 1/√(|L| + 1) இரண்டில் சிறியதை எடுங்கள். அப்போது 1/x² ≥ |L| + 1, எனவே 1/x² − L ≥ 1. முடிவிலி மெய்யெண் இல்லை என்பதால் "எல்லை ∞" என்று எழுதுவதும் "மெய்யெண் எல்லை இல்லை" என்பதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை.

இதே முறையில் x·sin(1/x)-க்கும் எல்லை இல்லை என்று நிரூபித்துவிட்டேன்! எங்கே தப்பு?

அதே p, q-ஐ எடுத்திருப்பீர்கள். இப்போது மதிப்புகள் p, −q. இடைவெளி p + q. அதில் பாதியை ε என்று வைத்திருப்பீர்கள். ஆனால் p, q வந்தது δ-வைப் பார்த்த பிறகு. அப்படியானால் உங்கள் ε δ-வைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது. ஓரத்தில் எழுதிய வரிசையில் ε முந்தி.

நேர்மையாக ε-ஐ முதலில் வைத்துப் பாருங்கள், 0.02 என்று. எதிராளி L = 0, δ = 0.02 என்கிறார். |x·sin(1/x)| ≤ |x| < 0.02, வளையத்துக்குள் உங்களுக்கு ஒரு x-உம் கிடைக்காது. ε எவ்வளவு சின்னதாக வைத்தாலும் அவர் δ = ε என்று பதில் சொல்லிவிடுவார். அவருடைய அந்தப் பதிலை எடுத்து எழுதினால் எல்லை 0 என்பதற்கான நிரூபணம் உங்கள் கையில் இருக்கும். L = 0 தவிர வேறு எந்த L-க்கும் உங்கள் முறை ஓடும், ε = |L|/2 வைத்து, x-ஐ |L|/2-க்குள்ளும் δ-க்குள்ளும் எடுத்தால் போதும்; அந்த ஒரே ஒரு L-இல்தான் அது நின்றுபோகிறது.